ஓ.சி.ஆர். எவ்வளவு சரி? எழுத்துப் பிழை, சொல் பிழை விகிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைக் கணினி உரையாக மாற்றும் ஓ.சி.ஆர். போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

98 சதவீதம் சரியா படிக்குதுன்னு சொல்றாங்களே, அந்த 98 எங்கிருந்து வருது?

அதே பக்கத்தை ஒரு மனிதர் படத்தைப் பார்த்துக் கவனமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்க வேண்டும். அதை ஒப்பீட்டுப் படி என்று வைத்துக்கொள்வோம். ஓ.சி.ஆர். கொடுத்ததை இந்தப் படியாக மாற்ற மிகக் குறைந்தது எத்தனை திருத்தங்கள் தேவை என்று நிரல் எண்ணுகிறது. ஓர் எழுத்து வேறாக இருந்தால் ஒரு திருத்தம், விடுபட்டிருந்தால் ஒன்று, இல்லாத எழுத்து புகுந்திருந்தால் ஒன்று. இந்த மூன்றையும் கூட்டி, ஒப்பீட்டுப் படியில் உள்ள மொத்த எழுத்துகளால் வகுத்தால் எழுத்துப் பிழை விகிதம் (சி.இ.ஆர்.). இதையே சொல்லை அலகாக வைத்துச் செய்தால் சொல் பிழை விகிதம் (டபிள்யூ.இ.ஆர்.).

```
(S + D + I) / N
```

S மாறியவை, D விடுபட்டவை, I புகுந்தவை, N ஒப்பீட்டுப் படியின் நீளம். 98 என்று சொல்பவர் பெரும்பாலும் 100இலிருந்து எழுத்துப் பிழை விகிதத்தைக் கழித்துச் சொல்கிறார். எந்த ஒப்பீட்டுப் படி, எந்தப் பக்கங்கள், எழுத்தா சொல்லா என்று தெரியாதவரை அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஒரே ஒரு வரியை வச்சு கணக்கு போட்டுக் காட்டுங்களேன்.

சரி. ஒப்பீட்டுப் படியில் இப்படி இருக்கிறது:

```
மழை பெய்த பிறகு ஊருக்குப் போனான்
```

ஓ.சி.ஆர். இப்படிக் கொடுத்திருக்கிறது:

```
மழை பெய்த பிறகு ஊருக்கு போனரன்
```

இரண்டு இடத்தில் தவறு. ஊருக்குப் என்பதில் ப் விடுபட்டிருக்கிறது. போனான் என்பதில் உள்ள துணைக்கால் ர ஆகிவிட்டது, அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் தமிழ் ஓ.சி.ஆரில் அடிக்கடி வரும் பிழை இது. மொத்தம் 5 சொற்களில் 2 தவறு, ஆகவே சொல் பிழை விகிதம் 40%. எழுத்துக்கு வருவோம். யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் இடைவெளிகளையும் சேர்த்து ஒப்பீட்டுப் படியில் 32 இருக்கின்றன. ப, புள்ளி என்று இரண்டு விடுபட்டன, துணைக்கால் மாறியது ஒன்று, ஆக 3 திருத்தம். 3/32, அதாவது சுமார் 9.4%.

எழுத்துப் பிழை கம்மியாதான் இருக்கு, சொல் பிழை மட்டும் ஏன் இப்படி எகிறுது?

ஒரு சொல்லில் ஒரு புள்ளி தவறினாலும் முழுச் சொல்லும் தவறுதான், அரை மதிப்பெண் கிடையாது. தமிழில் வேற்றுமை, காலம், இடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீளமாக இருப்பதால் ஒரு சொல்லுக்குள் தவறு நேர வாய்ப்பும் அதிகம். சராசரியாக 8 குறியீடுகள் கொண்ட சொற்கள், 2% எழுத்துப் பிழை, தவறுகள் எல்லா இடத்திலும் சமமாகச் சிதறியிருக்கின்றன என்று வைத்தால், ஒரு சொல் முழுக்கச் சரியாக வர வாய்ப்பு 0.98இன் எட்டாம் அடுக்கு, அதாவது 85%தான். சொல் பிழை 15% ஆகிவிடும். நிஜத்தில் தவறுகள் மங்கிய இடங்களிலும் கிழிந்த ஓரங்களிலும் கொத்தாக விழுவதால், வழக்கமாக இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

இன்னொரு காரணம் இடைவெளி. படியில் வந்துவிட்டான் என்று இருக்க, ஓ.சி.ஆர். வந்து விட்டான் என்று பிரித்துவிட்டால் எழுத்துக் கணக்கில் ஒரே ஒரு தவறு, இடைவெளி புகுந்தது, அவ்வளவுதான். சொல் கணக்கில் ஒரு சொல் மாறியது, ஒரு சொல் புகுந்தது என்று இரண்டு. பழைய அச்சில் எழுத்துகளுக்கிடையே சமமில்லாமல் இடம் விட்டிருப்பார்கள், அப்படிப்பட்ட பக்கங்களில் சொல் பிழையின் பெரும்பகுதி வெறும் இடைவெளியாகவே இருக்கும். அதனால் இடைவெளிகளை முழுதும் எடுத்துவிட்டு எழுத்துப் பிழையை மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். எண் கணிசமாக இறங்கினால் சிக்கல் எழுத்தைப் படிப்பதில் இல்லை, சொல் பிரிப்பதில் இருக்கிறது.

தமிழ்ல எழுத்துன்னா எது? கம்ப்யூட்டர் கணக்கும் நம்ம கணக்கும் ஒத்து வரலையே?

ஒத்து வராது. நமக்குப் போ ஓர் எழுத்து. யூனிகோடில் அது ப, ஓகாரக் குறி என்று இரண்டு. க் என்பதும் க, புள்ளி என்று இரண்டு. பெரும்பாலான நிரல்கள் சும்மா விட்டால் குறியீடுகளைத்தான் எண்ணும்.

மேலே உள்ள அதே வரியை நாம் எண்ணும் எழுத்துகளாக எண்ணினால் இடைவெளிகளோடு 20தான் வரும். ப் விடுபட்டது ஒன்று. னா என்ற ஓர் எழுத்து ன, ர என்று இரண்டாகிவிட்டதால் அங்கே மாறியது ஒன்று, புகுந்தது ஒன்று. மொத்தம் 3 திருத்தம், 3/20, 15%. தவறுகள் அதேதான், 9.4 மட்டும் 15 ஆகிவிட்டது. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி, ஆனால் ஒன்றையும் மற்றொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. என் விருப்பம் இரண்டாவது, ஏனென்றால் மெய்ப்புத் திருத்துகிறவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பிறர் வெளியிட்ட எண்களோடு ஒப்பிட வேண்டியிருந்தால் குறியீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் எப்படி எண்ணியது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஒப்பீட்டுப் படிக்கு ஓ.சி.ஆர். கொடுத்ததையே திருத்தி வச்சுக்கலாமா? நேரம் மிச்சமாகுமே?

வேண்டாம். திருத்தும்போது கண் ஏற்கெனவே எழுதியிருப்பதை நம்பிப் போய்விடும். போனரன் மாதிரி பளிச்சென்று தெரிவது மாட்டிக்கொள்ளும். ஒற்று விடுபட்டது, ன இருக்க வேண்டிய இடத்தில் ண வந்தது, எகரம் ஏகாரமானது எல்லாம் தப்பித்துவிடும். தப்பித்த ஒவ்வொன்றும் அந்த ஓ.சி.ஆருக்குச் சாதகமாகக் கணக்கில் சேரும். இன்னும் மோசம், நாளைக்கு வேறொரு ஓ.சி.ஆர். அதே இடத்தைச் சரியாகப் படித்தால் அதற்குப் பிழை விழும்.

நம்பகமான வழி: இரண்டு பேர், ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் பார்க்காமல், ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு படிகளையும் ஒப்பிட்டால் வேறுபடும் இடங்கள் தெரியும். அந்த இடங்களை மட்டும் மூன்றாமவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். இருவரும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அரிது, அதனால்தான் இரட்டைத் தட்டச்சு வேலை செய்கிறது. ஆனால் ஒன்று, இருவருமே தங்களுக்குத் தெரிந்த சந்தி விதிப்படி வல்லின ஒற்றைப் போட்டுக்கொண்டே போனால் இருவரும் சேர்ந்து தவறிவிடுவார்கள். படத்தில் ஒற்று இல்லையென்றால் படியிலும் இருக்கக் கூடாது. இதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இருவர் படிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரும் பிழை விகிதத்தையும் குறித்து வையுங்கள். மனிதர்களுக்குள்ளேயே 0.5% வேறுபாடு இருந்தால், இரண்டு ஓ.சி.ஆருக்கிடையே 0.2% வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது மிகவும் நிதானமாகப் பேச வேண்டும்.

புத்தகத்துலயே அச்சுப்பிழை இருந்தா? பழைய யானைத் தும்பிக்கை லை, னை எல்லாம் வந்தா?

அச்சுப்பிழையை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். நாம் அளப்பது ஓ.சி.ஆர். படத்தைச் சரியாகப் படித்ததா என்பதை. நூலாசிரியர் என்ன எழுத நினைத்தார் என்பது வேறு வேலை, அதற்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற வடிவங்களுக்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. பழைய லை, புதிய லை இரண்டும் ஒரே குறியீட்டுத் தொடர்தான். ஆகவே வழக்கம்போலத் தட்டச்சு செய்தால் போதும். ஓ.சி.ஆர். இந்த வடிவங்களில் தடுமாறுகிறதா என்பது பிழைப் பட்டியலில் தானாகத் தெரிந்துவிடும். தமிழ் எண்கள் வந்தால் மட்டும் கவனம்: ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும், ௭ என்ற எண்ணும் எ என்ற எழுத்தும் அச்சில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்க எண்ணாக வருவதை எண்ணாகவே தட்டச்சு செய்வது என்று எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். வரி முடிவில் சொல் உடைந்திருந்தால் (தமிழ் அச்சில் இணைப்புக்கோடு இல்லாமலே உடைப்பார்கள்) உடைந்தபடியே விடுங்கள்.

மதுரைத் திட்டத்துல, விக்கிமூலத்துல ஏற்கெனவே தட்டச்சு செஞ்ச படி இருக்கே, அதையே வைக்கலாமா?

மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் மின்னூல் தொகுப்பு, வாசிக்க அருமையானது. ஆனால் அங்கிருக்கும் படி உங்கள் கையிலிருக்கும் அதே பதிப்பிலிருந்து வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பதிப்பாசிரியர் செய்யுளைச் சீர்பிரித்து அச்சிட்டிருப்பார், இன்னொருவர் சொல்பிரித்து அச்சிட்டிருப்பார். பதிப்பு வேறானால் நீங்கள் அளப்பது பதிப்புகளுக்கிடையேயான வேறுபாட்டை, ஓ.சி.ஆர். பிழையை அல்ல.

விக்கிமூலத்தில் ஸ்கேன் பக்கமும் உரையும் அருகருகே இருப்பதால் பதிப்புச் சிக்கல் இல்லை. இருவர் சரிபார்த்துப் பச்சை நிறம் பெற்ற பக்கங்கள் நல்ல தொடக்கம். ஆனால் அவற்றில் பல, ஓ.சி.ஆர். உரையைத் திருத்தி வந்தவை, மேலே சொன்னதுபோல ஓ.சி.ஆருக்குச் சாதகமான சாய்வு கொஞ்சம் மிச்சமிருக்கும். விக்கி நிரல்குறிகளையும் நீக்க வேண்டும், வரி முடிவில் உடைந்த சொற்களை அங்கே சேர்த்திருப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களை எடுத்து, படத்தோடு ஒப்பிட்டு ஒரு முறை வரிக்கு வரி சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துவேன்.

ரெண்டு படியும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கு, ஆனா பிழைன்னு காட்டுதே?

திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே குறியீடு வேறாக இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடு இவை சமம் என்று சொல்கிறது, நிரலுக்கு அது தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டு படிகளையும் `NFC` வடிவத்துக்கு மாற்றினால் இது போய்விடும். கண்ணுக்குத் தெரியாத `U+200C`, `U+200B` போன்றவற்றையும் நீக்கிவிடுங்கள்.

`NFC` தொடாத சில உண்டு, அவைதான் ஆளை ஏய்ப்பவை. ஔ என்பதற்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து. ௌகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்போடு ள. பழைய எழுத்துரு உரையை யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ர் வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் இருப்பதை நிறையவே பார்க்கலாம், அவர் என்ற சொல் திரையில் சரியாகவே தெரியும். இவை ஒப்பீட்டுப் படியில் இருந்தால் திருத்தியே ஆக வேண்டும், அது நம் தவறு. ஓ.சி.ஆர். பக்கம் இருந்தால் அது உண்மையான பிழை, தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. அதைத் துடைத்து மறைக்காதீர்கள்.

எந்த நிரல்ல போட்டுப் பார்க்கிறது?

பைத்தானில் `jiwer` போதும். `regex` தொகுப்பின் `\X` நாம் எண்ணும் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும்.

```python
import unicodedata, regex, jiwer

def clean(path):
    t = open(path, encoding="utf-8").read()
    t = unicodedata.normalize("NFC", t)
    t = t.replace("\u200c", "").replace("\u200b", "")
    return " ".join(t.split())

def letters(t):
    return " ".join(regex.findall(r"\X", t.replace(" ", "_")))

ref, hyp = clean("ref.txt"), clean("ocr.txt")
print("WER", jiwer.wer(ref, hyp))
print("CER", jiwer.cer(ref, hyp))
print("letters", jiwer.wer(letters(ref), letters(hyp)))
```

கடைசி வரியில் ஒவ்வோர் எழுத்தையும் தனிச் சொல்போல ஆக்கி எண்ண வைத்திருக்கிறது. ஒப்பீட்டுப் படி முதலில், ஓ.சி.ஆர். இரண்டாவது. மாற்றிக் கொடுத்தால் வகுக்கும் எண் மாறிவிடும். தவறுகளை வண்ணத்தில் பக்கம்பக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் `dinglehopper` நல்லது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாமல் அந்த வண்ணப் பக்கத்தை ஒரு முறை முழுக்கப் படியுங்கள்.

எத்தனை பக்கம் வேணும்? சராசரி எப்படி எடுக்கிறது?

எண்ணிக்கையைவிட எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். முதல் பத்துப் பக்கங்களை எடுத்தால் தலைப்புப் பக்கமும் பொருளடக்கமும்தான் மாட்டும். புத்தகம் முழுவதிலிருந்தும் குருட்டாம்போக்கில், குலுக்கிப் போட்டது போல எடுங்கள். மங்கிய பக்கம் வந்தால் அதைத் தள்ளிவிட்டு நல்லதை எடுக்காதீர்கள்.

சராசரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு முழுப் பக்கத்தில் 1800 எழுத்து, 36 தவறு, அதாவது 2%. ஓர் அலங்காரத் தலைப்புப் பக்கத்தில் 200 எழுத்து, 60 தவறு, 30%. இரண்டு விகிதங்களின் சராசரி 16%. ஆனால் மொத்தத் தவறுகளை மொத்த எழுத்துகளால் வகுத்தால் 96/2000, 4.8%. புத்தகத்தைத் திருத்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை இரண்டாவதுதான் சொல்லும். பக்கவாரியான எண்களையும் கூடவே கொடுங்கள், எந்தப் பக்கம் கெடுக்கிறது என்று தெரியும்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் 70 சதவீதம் பிழை காட்டுது, ஆனா படிச்சா எல்லாம் சரியா இருக்கு. சில நேரம் 100க்கு மேலயும் போகுது!

70 வந்து எழுத்தெல்லாம் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் இரண்டு பத்திப் பக்கம். ஓ.சி.ஆர். இடப்பத்தியின் முதல் வரியையும் வலப்பத்தியின் முதல் வரியையும் ஒட்டிப் படித்துக்கொண்டே போயிருக்கும். உறுதி செய்ய எளிய சோதனை: இரண்டு படிகளின் சொற்களையும் அகரவரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். சொற்கள் பெரும்பாலும் பொருந்தினால் வரிசைதான் தவறு. அந்தப் பக்கத்தின் பத்திகளைத் தனித்தனிப் படமாக வெட்டிப் படிக்க வைத்து மீண்டும் அளந்தால் எழுத்தைப் படிக்கும் திறன் தெரியும். இரண்டு எண்களையும் வெளியிடுங்கள், ஏனென்றால் வரிசை குலைந்த உரையும் வாசகருக்குப் பயன்படாது.

100க்கு மேல் போவதில் வியப்பில்லை. தலைப்புப் பக்கத்தில் 5 சொல், சுற்றியுள்ள பூவேலைப்பாட்டை எழுத்தென்று நினைத்து ஓ.சி.ஆர். 9 குப்பைச் சொல் கொடுத்தால் 5 மாறியது, 4 புகுந்தது, 9/5, 180%.

ஒரு ஓ.சி.ஆர்ல எழுத்துப் பிழை 1.8 சதவீதம், இன்னொண்ணுல 2.1. அப்போ முதலாவது நல்லதுன்னு சொல்லிடலாமா?

ஒரே பக்கங்களில், ஒரே ஒப்பீட்டுப் படியோடு, ஒரே சுத்திகரிப்போடு அளந்திருந்தால் பேசலாம். பக்கவாரியாக இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் முதலாவது கொஞ்சம் முன்னே இருந்தால் வேறுபாடு நிஜம். மாறாக, இரண்டாவது பல பக்கங்களில் முன்னே இருந்து, மை கசிந்த ஒரே பக்கத்தில் மட்டும் கவிழ்ந்திருந்தால், அந்த 0.3 ஒரு பக்கத்தின் கதை. அந்தப் பக்கம் தேர்வில் வராமல் போயிருந்தால் முடிவே தலைகீழ்.

அப்புறம், தவறுகள் எந்த வகை என்று பாருங்கள். துணைக்காலை ர என்று படிப்பது போன்ற ஒரே மாதிரித் தவறுகளைத் தேடித் திருத்திவிடலாம். 2.1 வாங்கியதில் பாதி அப்படியென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆடியோவைக் கேட்டு எழுதுறதுக்கும் இதே கணக்கா?

அதேதான், அங்கே சொல் பிழையைத்தான் முதன்மையாகச் சொல்வார்கள். கூடுதல் சிக்கல், பேசியவர் வந்துட்டான் என்கிறார், நிரல் வந்துவிட்டான் என்று எழுதுகிறது. 25 என்று எழுதுவதா இருபத்தைந்து என்று எழுதுவதா என்பதும் அப்படியே. ஒப்பீட்டுப் படி தயாரிக்கும்போதே முடிவு செய்து எழுதி வைக்காவிட்டால் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

எழுத்துப் பிழை 1 சதவீதத்துக்குக் கீழ வந்துடுச்சு. மெய்ப்பு பார்க்காம அப்படியே போட்டுடலாமா?

1500 எழுத்துள்ள பக்கத்துக்கு 1% என்றால் 15 தவறு. சொல்லைத் தேடி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தினால் போட்டுவிடலாம், சொல் பிழையை ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். உரையாகவே வாசிக்கவோ மேற்கோள் காட்டவோ கொடுப்பதென்றால் போட மாட்டேன்.

ஏனென்றால் இந்த விகிதங்களுக்கு எல்லாத் தவறும் ஒரே எடை. செய்தான் என்பது செய்யான் ஆனால் ஒரே ஓர் எழுத்து, முற்றுப்புள்ளி விடுபட்டதற்குச் சமமான பிழை. பொருளோ நேரெதிர். அகராதியையும் மொழி வழக்கையும் துணைக்கு வைத்துப் படிக்கும் ஓ.சி.ஆர்.களில் இது கூடுதல் ஆபத்து, தெரியாத ஊர்ப் பெயரை, ஆள் பெயரைத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும், வரி வாசிக்கச் சுகமாக இருக்கும், மெய்ப்பு பார்ப்பவர் கண்ணும் நிற்காது. அதனால் ஒப்பீட்டுப் பக்கங்களில் வரும் பெயர்கள், ஆண்டுகள், எதிர்மறை வினைகள் மூன்றையும் தனியாகக் குறித்து, அவற்றில் எத்தனை சரியாக வந்தன என்று தனியே எண்ணுங்கள். மெய்ப்பு பார்க்கிறவருக்கு எங்கே நின்று படிக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.